அனுப்பிய வாசகமே திரும்பி வந்தால்: கார்டு கடையில் வாட்ஸ்அப் பார்க்கப் புதிதாக வந்தவர்களுக்கு

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ கல்யாண கார்டு அடிக்கும் கடையில் வாட்ஸ்அப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தால், சீக்கிரமே இந்தக் குழப்பம் உங்களிடம் வந்து நிற்கும். கார்டில் வரவேண்டிய வாசகத்தை டைப் செய்து, "சரி பார்த்துச் சொல்லுங்கள்" என்று வாடிக்கையாளருக்கு அனுப்புகிறீர்கள். பதில் வருகிறது. திறந்து பார்த்தால் நீங்கள் அனுப்பிய அதே வாசகம், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அப்படியே. மேலே "ஓகே" இல்லை, கீழே "இதை மாற்றுங்கள்" இல்லை.

புதியவர்கள் இதை இரண்டில் ஒரு விதமாக எடுத்துக்கொள்வார்கள். "சரி என்று சொல்லத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்" என்று அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால், "கை தவறி ஒட்டிவிட்டார், சரியான பதில் பின்னால் வரும்" என்று விட்டுவிடுவார்கள். இரண்டுமே சில நேரம் சரியாக இருக்கும். ஆனால் எது என்று பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது. 300 கார்டு அடித்து, தங்க எழுத்தைப் பதிக்கும் பிளாக் என்ற அச்சையும் செய்த பிறகு ஒரு நேரம் தவறு என்று தெரிந்தால், அந்த ஒரு வரிக்காகப் பிளாக்கிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். யார் செலவு என்ற பேச்சு அதற்கு மேல்.

இதைப் பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எதை முதலில் பார்ப்பது, எப்படிக் கேட்பது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அதே வாசகம் எப்படித் திரும்பி வருகிறது

முதலில் வாடிக்கையாளர் பக்கம் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு செய்தியை அழுத்திப் பிடித்து நகல் எடுத்தால், பெரும்பாலும் முழுச் செய்தியும் நகலாகிவிடும். அவருக்கு அதில் ஒரு வரிதான் வேண்டும், கோயில் பெயர் என்று வையுங்கள். நடப்பது என்னவோ, பதினாலு வரி வாசகமும் கைப்பேசியின் நினைவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் அவர் வேறு எதையோ நகல் எடுத்ததாக நினைத்துக்கொண்டு உங்கள் பெட்டியில் வந்து ஒட்டுகிறார். நகல் எடுக்கும்போது விரல் சரியாகப் படவில்லை என்றால் பழையதுதான் ஒட்டும். ஆண்ட்ராய்டு போனில் ஜிபோர்டு விசைப்பலகை இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. நகல் எடுத்தவற்றை அது ஒரு மணி நேரம் வரை வரிசையாக வைத்திருக்கும். பட்டியலில் தொட வேண்டியதற்கு அடுத்ததைத் தொட்டுவிட்டால் போதும். இதுதான் உண்மையான கைத்தவறு.

இரண்டாவது, ஃபார்வர்டு. குடும்பக் குழுவுக்கு அனுப்பி எல்லோரையும் கேட்கலாம் என்று அம்மா நினைக்கிறார். ஃபார்வர்டு அழுத்தினால் வரும் பட்டியலில், கடைசியாகப் பேசிய ஆட்கள் மேலே இருப்பார்கள். கடைசியாகப் பேசியது உங்கள் கடையோடுதான். விரல் அங்கே போகிறது. இதுவும் கைத்தவறுதான், ஆனால் இதில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது: வீட்டில் இன்னும் யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது, "இதுதான், இப்படியே போடுங்கள்" என்ற அர்த்தத்தில் அனுப்புவது. வயதானவர்கள் சிலர் இப்படிச் செய்வார்கள். படித்துப் பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக அதையே திருப்பி அனுப்புவது அவர்களுக்கு இயல்பாகத் தோன்றுகிறது.

நான்காவது தான் வினை. வாசகத்தை எடுத்து, உள்ளே ஓர் இடத்தில் மட்டும் திருத்தி, முழுவதையும் அனுப்புவது. எங்கே திருத்தினேன் என்று சொல்லாமல் விட்டுவிடுவது. அவருக்கு அது திருத்தம், நமக்கு அது அதே வாசகம். நீளமான செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடக்கி "Read more" என்று காட்டும்போது, திருத்தம் மடங்கிய பகுதியில் இருந்தால் கண்ணில் படவே படாது.

ஆகவே "கைத்தவறா?" என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: வந்தது உண்மையிலேயே நாம் அனுப்பியதுதானா?

பதில் போடாமல், முதலில் திரையைப் பாருங்கள்

செய்தி வந்ததும் எதையும் டைப் செய்யாதீர்கள். சில நிமிடம் விடுங்கள். கைத்தவறாக இருந்தால் பலர் தாமாகவே கவனித்து அழித்துவிடுவார்கள், அந்த இடத்தில் செய்தி அழிக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் நிற்கும். அப்படி நின்றால் கேள்வி தீர்ந்தது. கவனிக்காதவர்களும் உண்டு, அதனால் அழிக்கவில்லை என்பதற்காகக் கைத்தவறு இல்லை என்று ஆகிவிடாது.

அந்த இடைவெளியில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

செய்தியின் தலையில் "Forwarded" என்று இருக்கிறதா? இருந்தால் அது நகல் எடுத்து ஒட்டியது அல்ல. ஒட்டிய செய்திக்கு அந்தக் குறி வராது. குறி இருந்தால் குடும்பக் குழுவுக்குப் போகவேண்டியது உங்களிடம் வந்திருக்கலாம் என்பது முதல் ஊகம். அது ஊகம் மட்டுமே, ஏன் என்று கீழே வருகிறது.

அடுத்து, *உங்கள்* செய்தியில் "Edited" என்று இருக்கிறதா? இதைப் பலர் பார்ப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். நீங்களோ உங்களுக்கு முந்தைய ஷிப்டில் இருந்தவரோ ஒரு எழுத்துப்பிழையைப் பார்த்து அமைதியாகத் திருத்தியிருக்கலாம். வாடிக்கையாளர் அதற்கு முன்பே நகல் எடுத்திருந்தால், அவரிடம் இருப்பது பழைய வாசகம். ஒப்பிட்டுப் பார்க்கும்போது வரும் வித்தியாசம் நாம் செய்தது, அவர் செய்ததல்ல. அதற்காகத்தான் கார்டு வாசகத்தை அனுப்பிய பிறகு திருத்தவே கூடாது என்கிறேன். பிழை இருந்தால் புதிதாக ஒரு செய்தி அனுப்புங்கள்.

மூன்றாவது, நேரம். நீங்கள் அனுப்பி அரை நிமிடத்தில் திரும்பி வந்தால், பதினாலு வரியையும் படித்திருக்க வழியில்லை. அது சம்மதமாக இருக்க முடியாது. இரவு 11 மணிக்கு, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துப் பேசிய பிறகு வந்திருந்தால், யாரோ படித்திருக்கிறார்கள், ஏதோ ஒன்று மாறியிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சில நேரம் வாசகத்துக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் நேரமும் தேதியும், அதை அடுத்து உங்கள் கடைப் பெயரும் சேர்ந்து வரும். ஒன்றுக்கு மேற்பட்ட செய்திகளைச் சேர்த்து நகல் எடுத்தால் அப்படி வரும். அப்போது அவர் எந்தெந்தச் செய்தியைச் சேர்த்திருக்கிறார், எதை விட்டிருக்கிறார் என்று பாருங்கள். நாம் அனுப்பிய இரண்டு மாதிரிகளில் ஒன்றை மட்டும் எடுத்திருந்தால், அவர் தேர்ந்தெடுத்தது அதுவாக இருக்கக்கூடும்.

வரிவரியாக ஒப்பிடும் முறை

கண்ணால் ஒப்பிடாதீர்கள். நீங்களே டைப் செய்த வாசகத்தை உங்கள் கண் படிக்காது, ஞாபகத்திலிருந்து சொல்லிக்கொண்டே போகும். கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கும், அதிலேயே கூகிள் ஷீட்ஸ் ஒன்றைத் திறங்கள். எக்செல் இருந்தாலும் சரிதான்.

முதலில் A, B இரண்டு பத்திகளையும் தேர்ந்தெடுத்து, Format, Number, Plain text என்று மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் 012 என்று தொடங்கும் தொலைபேசி எண் தனி வரியில் இருந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும், தேதியும் வேறு வடிவத்துக்கு மாறிவிடும். அப்புறம் நீங்கள் அனுப்பிய செய்தியை நகல் எடுத்து A1 மேல் ஒரே ஒரு முறை சொடுக்கி ஒட்டுங்கள். இருமுறை சொடுக்கினால் பதினாலு வரியும் ஒரே கட்டத்துக்குள் போய்விடும். ஒருமுறை சொடுக்கி ஒட்டினால் ஒரு வரிக்கு ஒரு கட்டமாகக் கீழே இறங்கும். நமக்கு வேண்டியது அதுதான். வாடிக்கையாளர் அனுப்பியதை இதே போல B1-இல் ஒட்டுங்கள். C1-இல் இதைப் போட்டு, கடைசி வரி வரை கீழே இழுங்கள்:

```
=EXACT(TRIM(A1),TRIM(B1))
```

இரண்டும் ஒன்றாக இருந்தால் TRUE, வித்தியாசம் இருந்தால் FALSE. வெறுமனே `=A1=B1` என்று போடாதீர்கள். அது ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது. கார்டின் ஆங்கிலப் பக்கத்தில் பெயர் எழுதும்போது அது முக்கியம். TRIM போடுவது வரி முனையில் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் இடைவெளிக்காக.

நடுவில் ஒரு இடத்திலிருந்து கீழே எல்லாமே FALSE என்று வந்தால் பயப்பட வேண்டாம். அங்கே ஒரு வரி கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. முதல் FALSE எங்கே என்று பாருங்கள். தாத்தா பெயருக்கு முன்னால் "அமரர்" என்று தனி வரியாகச் சேர்த்திருப்பார்கள், அந்த மாதிரி. குறைவாக இருக்கும் பத்தியில் அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டத்தை நுழைத்து, C1-இல் உள்ள ஃபார்முலாவைக் கடைசி வரி வரை மறுபடி இழுத்தால் கீழே உள்ளவை மறுபடி TRUE ஆகிவிடும்.

ஒரு ஆர்டரை வைத்துப் பார்ப்போம்

பெயர்கள் கற்பனை. மணமகளின் அம்மா வாடிக்கையாளர். மாலையில் கடையிலிருந்து பதினாலு வரி வாசகம் போகிறது. அதில் நமக்கு வேண்டியவை முதல் வரியும், ஏழு முதல் பத்து வரையிலான வரிகளும்:

```
1   ஸ்ரீ விநாயகர் துணை
7   மணமகள்: கோமதி
8   மணமகன்: சர்வேஸ்வரன்
9   முகூர்த்தம்: காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்
10  இடம்: ஸ்ரீ கந்தசுவாமி கோயில், பிரிக்பீல்ட்ஸ்
```

வரி எண்கள் நம் வசதிக்காக, செய்தியில் இருக்காது. இரவு பதினொன்றுக்கு அதே வாசகம் திரும்பி வருகிறது, தலையில் "Forwarded". கூட ஒரு சொல் இல்லை. புதியவர் என்ன நினைப்பார்? அம்மா குழுவுக்கு அனுப்பப் போய் நமக்கு அனுப்பிவிட்டார், காலையில் பதில் வரும். ஃபார்வர்டு செய்யும்போது செய்தியை மாற்ற முடியாது, அதனால் ஒப்பிட வேண்டியதில்லை என்றும் தோன்றும். அந்த இடத்தில்தான் வழுக்கும். அவர் ஃபார்வர்டு செய்தது *நம்முடைய* செய்தியைத்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? வேறொருவர் குழுவில் போட்டதை ஃபார்வர்டு செய்தாலும் அதே குறிதான் வரும்.

ஷீட்ஸில் போட்டுப் பார்த்தால் மூன்று FALSE: முதல் வரி, ஒன்பதாம் வரி, பத்தாம் வரி. ஒன்பதாம் வரியைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் தெரிந்துவிடும். நாம் அனுப்பியதில் "10.30 மணிக்குள்", வந்ததில் "10.00 மணிக்குள்". முதல் வரியும் பத்தாம் வரியும்தான் விசித்திரம். எத்தனை தடவை படித்தாலும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரண்டு வரியிலும் பொதுவாக இருப்பது "ஸ்ரீ". கம்ப்யூட்டரில் இந்த எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, ஸ-வில் தொடங்கி எழுதுவது. மற்றொன்று, ஶ என்ற எழுத்தில் தொடங்கி எழுதுவது. இந்த ஶ யூனிகோடு 4.1 பதிப்பில், 2005-இல் சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு சில விசைப்பலகைகள் ஒரு விதமாகவும் சில வேறு விதமாகவும் ஸ்ரீ போடுகின்றன. நிறைய எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவத்தில்தான் திரையில் வரும். எது எது என்று பார்க்க, பக்கத்துக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=UNICODE(A1)
=UNICODE(B1)
```

கட்டத்தின் முதல் எழுத்தின் எண்ணை இது சொல்லும். ஸ என்றால் 3000, ஶ என்றால் 2998. இங்கே A1-க்கு 3000 வந்தது, B1-க்கு 2998.

இது தேவையில்லாத நுணுக்கம் போலத் தோன்றும். ஆனால் கைத்தவறா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. நகல் எடுத்து ஒட்டினால் நம்முடைய ஸ்ரீ தான் போகும், எழுத்து தானாக மாறாது. மாறியிருக்கிறது என்றால் யாரோ தன் கைப்பேசியில் அந்த வரிகளைப் புதிதாக டைப் செய்திருக்கிறார்கள். உட்கார்ந்து டைப் செய்த ஒருவர் கை தவறி அனுப்பியிருக்க மாட்டார். ஒன்பதாம் வரியில் உள்ள 10.00 அவர் வேண்டுமென்றே போட்டதாகவும் இருக்கலாம், டைப் செய்யும்போது தவறியதாகவும் இருக்கலாம். அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலையில் கேட்டால் கதை வெளியே வருகிறது. ஐயர் நேரத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். மணமகளின் அண்ணன் குடும்பக் குழுவில் வாசகம் முழுவதையும் தானே டைப் செய்து போட்டிருக்கிறார். அம்மா அதை அப்படியே கடைக்கு ஃபார்வர்டு செய்து, திருத்தம் சொல்லியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கிறார். அவர் பக்கத்தில் எந்தத் தவறும் இல்லை, சொல்லப்போனால்.

இதற்கு நேர்மாறான தடயமும் உண்டு. நம் வாசகத்தில் இருந்த சின்னப் பிழை, ஒரு மெய்யெழுத்தில் விடுபட்ட புள்ளி போன்றது, அதுவும் சேர்ந்து அப்படியே திரும்பி வந்து எல்லா வரியும் TRUE என்றால், அது நகல்தான், யாரும் கை வைக்கவில்லை. ஆனால் நகல் என்று தெரிந்தால் கைத்தவறு என்று தெரிந்துவிட்டதாக ஆகாது. சம்மதம் என்ற அர்த்தத்தில் அனுப்பியவரும் நகல்தான் எடுத்திருப்பார். இந்த இரண்டையும் எந்த ஃபார்முலாவும் பிரிக்காது.

இன்னொன்று, அச்சுக்குப் போகும்போது ஸ்ரீ-யின் இரண்டு வடிவங்களையும் உங்கள் எழுத்துருவில் போட்டுப் பாருங்கள். பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் ஶ இல்லை. அப்போது கார்டின் முதல் வரியிலேயே ஒரு கட்டமோ, பிரிந்துபோன எழுத்தோ வந்து நிற்கும். வாடிக்கையாளர் அனுப்பியதை எடுத்து நேரே டிசைனில் ஒட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

எப்படிக் கேட்பது

ஒப்பிட்டு முடித்த பிறகுதான் பதில். என்ன கிடைத்ததோ அதற்கேற்ற மாதிரி கேளுங்கள்.

வித்தியாசம் இருந்தால் அந்த வரியை மட்டும் எடுத்துக் காட்டுங்கள். முழு வாசகத்தையும் மறுபடி அனுப்பாதீர்கள். பெட்டியில் ஒரே மாதிரி மூன்று செய்தி நின்றால், "சரி" என்று வரும் பதில் எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

"ஆண்டி, வணக்கம். நாங்கள் அனுப்பியதில் முகூர்த்தம் 10.30 மணிக்குள் என்று இருந்தது. நீங்கள் அனுப்பியதில் 10.00 மணிக்குள் என்று இருக்கிறது. எந்த நேரம் போடட்டும்?"

இதற்கு "ஓகே" என்று பதில் சொல்ல முடியாது. நேரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். "10.00 சரிதானே ஆண்டி?" என்று கேட்டால் வேலை செய்துகொண்டே ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

வித்தியாசமே இல்லையென்றால் இப்படி:

"ஆண்டி, நாங்கள் அனுப்பின வாசகமே எங்களுக்குத் திரும்பி வந்திருக்கிறது. இப்படியே அச்சிடலாம் என்று சொல்கிறீர்களா, இல்லை வேறு ஏதாவது அனுப்ப நினைத்து இது வந்துவிட்டதா?"

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு வழியையும் திறந்து வைப்பது. "தப்பா அனுப்பிட்டீங்க" என்று தொடங்கினால், சம்மதம் சொல்ல அனுப்பியவருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். அதுவும் வயதில் மூத்தவரிடம். "கிடைத்தது, நன்றி" என்று மட்டும் போட்டால் நீங்கள் எதை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பெரும்பாலும் பதில் உடனே வந்துவிடும். "ஐயோ, அட்ரஸ் அனுப்பினேன்னு நெனச்சேன்மா" என்று விலாசம் பின்னால் வரும்.

கணக்கு எண் உள்ள செய்தி திரும்பி வந்தால்

முன்பணம் கேட்டு வங்கிக் கணக்கு எண்ணோடு அனுப்பிய செய்தி திரும்பி வருவது இன்னும் சாதாரணம். பணம் அனுப்ப எண்ணை நகல் எடுத்தார், அனுப்பிய பிறகு ரசீதுப் படத்தை இணைக்கப் போய் பழையதை ஒட்டிவிட்டார். பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் பணம் வந்ததா என்பதை உங்கள் வங்கிக் கணக்கில் பார்த்து முடிவு செய்யுங்கள், இந்தச் செய்தியை வைத்து அல்ல.

இதிலும் ஷீட்ஸில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எல்லா வரியும் TRUE, கணக்கு எண் வரி மட்டும் FALSE என்றால், அதைக் கைத்தவறு என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். உங்கள் கடைப் பெயரில் வேறு எண்ணிலிருந்து யாரோ அவருக்கு அந்தச் செய்தியை அனுப்பியிருக்கலாம், அதைத்தான் அவர் உங்களிடம் சரிபார்க்க அனுப்பியிருக்கலாம். பெட்டியில் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே போன் செய்யுங்கள், "பணம் இன்னும் அனுப்ப வேண்டாம்" என்று முதலில் சொல்லுங்கள். அந்தக் கணக்கு எண் மீது புகார் இருக்கிறதா என்று போலீஸின் Semak Mule தளத்தில் பார்க்கலாம். அங்கே ஒன்றும் வரவில்லை என்றால் நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை, புகார் இன்னும் பதிவாகவில்லை என்றும் இருக்கலாம். பணம் போய்விட்டது என்று அவர் சொன்னால், தன் வங்கியையோ, மோசடிப் புகார் எண்ணான 997-ஐயோ அவரே உடனே அழைக்க வேண்டும். கடை முதலாளி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்த முறை குழப்பம் குறைய

இதில் பாதியை நாம் அனுப்பும் விதத்திலேயே தடுக்கலாம்.

கணக்கு எண்ணைத் தனிச் செய்தியாக அனுப்புங்கள். எண் மட்டும், கோடு இல்லாமல், இடைவெளி இல்லாமல். வங்கியின் பெயர், தொகை, நன்றி எல்லாம் முந்தைய செய்தியில் இருக்கட்டும். அழுத்திப் பிடித்தால் எண் மட்டும் நகலாகும், வாடிக்கையாளர் வங்கிச் செயலியில் நேரே ஒட்டிக்கொள்வார். முழு வாசகமும் அவர் கைப்பேசி நினைவில் உட்காராது.

கார்டு வாசகத்தின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: "மாதிரி 1". திருத்தி அனுப்பும்போது "மாதிரி 2". அச்சில் வராத வரி என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இதை எடுங்கள் என்று தனிச் செய்தி வரும். நீங்கள் மாதிரி 3 அனுப்பிய பிறகு திரும்பி வருவது மாதிரி 1 என்றால், அது கைப்பேசியில் கிடந்த பழைய நகல், பெரும்பாலும் கைத்தவறு. மாதிரி 3 திரும்பி வந்தால் ஒப்பிடும் வேலைக்குப் போங்கள். அந்த வரியே காணாமல் போயிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வாசகம் சரியான பிறகும், அச்சுக்கான சம்மதத்தை எழுத்துச் செய்தியில் வாங்காதீர்கள். கார்டு எப்படி வருமோ அப்படியே படமாகவோ பிடிஎஃப் ஆகவோ அனுப்பி, அதைச் சுட்டிப் பதில் சொல்லச் சொல்லுங்கள். செய்தியை வலப்பக்கம் இழுத்தால் மேலே அதன் சின்ன உருவமும் கீழே எழுத இடமும் வரும். அங்கே "அச்சிடலாம்" என்று அவர் எழுதினால், எந்தப் படத்துக்குச் சொன்னார் என்பது அதிலேயே நிற்கும். சிலருக்கு இழுக்கத் தெரியாது, அவர்களிடம் "மாதிரி 3 அச்சிடலாம் என்று எழுதுங்கள்" என்று கேட்டால் போதும்.

கேள்வி கேட்டும் பதில் வரவில்லை, கார்டு நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டும் என்றால் போன் செய்யுங்கள். போனில் மணமகளின் பெயர், மணமகனின் பெயர், தேதி, நேரம், இடம் இந்த ஐந்தையும் அவரையே சொல்ல வைத்து, நீங்கள் திரையில் பார்த்துக்கொண்டே வாருங்கள். நீங்கள் படித்து அவர் "ம்" சொல்வது பயன்படாது. போனை வைத்ததும் பெட்டியில் ஒரு வரி போடுங்கள்: "ஆண்டி, இப்போது போனில் சொன்னபடி முகூர்த்தம் காலை 9.00 மணிக்கு மேல் 10.00 மணிக்குள். மாதிரி 3-இல் அப்படியே இருக்கிறது. அச்சிடலாம் என்று ஒரு பதில் போடுங்கள்." அந்தப் பதில் வந்த பிறகு ஃபைலை அச்சகத்துக்கு அனுப்புங்கள்.